செஸ்ஸா, செட்டா: கோட்டின் இரு பக்கமும் பார்க்க வேண்டிய கேள்வி

ஆங்கில இலக்கணத் தேர்வுகளில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் பகுதியில் இப்படி ஒரு வரி அடிக்கடி வரும்.

```
She says that she ______ tired.      be
```

விடை 'இஸ்'. ஆனால் 'வாஸ்' என்று எழுதிய விடைத்தாள்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. இலக்கணமே படிக்காதவர்கள் இந்தத் தவறைச் செய்வது குறைவு. நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் விதிகளை வரிசையாக ஒப்பிக்கக்கூடியவர்கள்தான் இதில் விழுகிறார்கள். 'இஸ்' வந்தால் 'வாஸ்' ஆக்கு, 'வில்' வந்தால் 'வுட்' ஆக்கு, 'ஹேவ்' வந்தால் 'ஹேட்' ஆக்கு என்று ஒரு அட்டவணையை மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்த அட்டவணைக்கு மேலே ஒரு நிபந்தனை இருந்தது: சொன்னதைத் தெரிவிக்கும் வினை இறந்தகாலத்தில் இருந்தால் மட்டும். அட்டவணை நினைவில் நின்றது, நிபந்தனை உதிர்ந்துவிட்டது.

சொன்னதைத் தெரிவிக்கும் அந்த வினையை இங்கே கூற்று வினை என்று வைத்துக்கொள்வோம். செஸ், டெல்ஸ், க்ளெய்ம்ஸ் ஆகியவை நிகழ்காலம். செட், டோல்ட், க்ளெய்ம்ட் ஆகியவை இறந்தகாலம். ('ஸேஸ்' என்று எழுதாமல் 'செஸ்' என்று எழுதுவதற்குக் காரணம், எழுத்து எப்படி இருந்தாலும் அதன் உச்சரிப்பு அதுதான். 'செட்' என்பதோடு அது ஒரே உயிரொலியைப் பகிர்ந்துகொள்வதால், ஒலிப்பதிவைக் கேட்டு நிரப்பும் பயிற்சிகளில் கடைசி மெய்யொலி ஒன்றுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.)

இந்தக் குழப்பத்துக்கு விதி மறந்துபோனது மட்டும் காரணமல்ல. தமிழில் நாம் அயற்கூற்றை வேறு விதமாகக் கையாள்கிறோம். 'வருவதாகச் சொல்கிறான்', 'வருவதாகச் சொன்னான்' என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொல்கிறான் என்பது சொன்னான் என்று மாறியும் 'வருவதாக' என்பது அசையவில்லை. அவன் பேசிய நேரத்தில் வருகை இனிமேல்தான், அதனால் 'வருவதாக'. அவன் பேசும்போதே வருகை முடிந்திருந்தால் 'வந்ததாக'. உள்ளே இருக்கும் வினையின் காலத்தைத் தமிழ் அவன் பேசிய கணத்திலிருந்து கணக்கிடுகிறது. நாம் அதை எப்போது எடுத்துச் சொல்கிறோம் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆங்கிலம் அந்தக் கணக்கை எடுத்துச் சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குகிறது. அவன் சொன்னது நேற்று என்றால், சொன்ன கணமே பின்னால் போய்விட்டது. அதோடு சேர்ந்து உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் போகிறது.

```
He says he will come.
He said he would come.
```

தமிழ்க் காதோடு யோசிப்பவர் முதலில் செய்யும் தவறு, 'செட்' என்பதற்குப் பிறகும் 'வில்' என்றே எழுதுவது. அதைத் திருத்தித் திருத்தி ஆசிரியர்கள் அட்டவணையை அழுத்துகிறார்கள். அழுத்தம் கூடியதும் மாணவர் 'செஸ்' என்பதற்குப் பிறகும் 'வுட்' என்று எழுதத் தொடங்குகிறார். ஒரு பள்ளத்திலிருந்து ஏறி எதிர்ப்பக்கப் பள்ளத்தில் இறங்கிய கதை. 'செஸ்' என்ற இடத்தில் தமிழ்ப் பழக்கமே போதுமாக இருந்திருக்கும் என்பதுதான் இதில் வேடிக்கை. கூற்று வினை நிகழ்காலத்தில் இருக்கும்போது பேசியவரின் காலமும் எடுத்துச் சொல்பவரின் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. அங்கே இரு மொழிகளும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன. அவள் வாயிலிருந்து என்ன காலம் வந்ததோ அது அப்படியே நிற்கும்.

அப்படியே நிற்பது காலம் மட்டும்தான். 'செஸ்' வந்தால் எதையும் மாற்ற வேண்டாம் என்று இன்னொரு குறுக்கு விதியைச் சிலர் வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் கவிழ்த்துவிடும். 'ஐ ஆம் டயர்ட்' என்று அவள் சொன்னதை 'ஷி செஸ் ஐ ஆம் டயர்ட்' என்று எழுதினால், களைத்துப்போனது எழுதியவர் என்று பொருள் வரும். யார் யாரைக் குறிக்கிறார்கள் என்பது எடுத்துச் சொல்பவரைப் பொறுத்தது. ஆகவே கூற்று வினை எந்தக் காலத்தில் இருந்தாலும் 'நான்', 'என்' போன்றவை மாறியே ஆக வேண்டும். 'ஐ' என்பது 'ஷி' ஆகும், கூடவே 'ஆம்' என்பது 'இஸ்' ஆகும். இந்தக் கடைசி மாற்றம் எழுவாய்க்கு ஏற்ப வினை பொருந்துவது. காலம் நகரவில்லை.

இதே இடத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பேசியவரே கடந்த ஒன்றைப் பற்றிப் பேசியிருந்தால் என்ன செய்வது?

```
She says that she ______ him yesterday.      see
```

'யெஸ்டர்டே' என்பதைப் பார்த்ததும் சிலருக்குக் கை 'ஹேட் ஸீன்' என்று போகும். தேவையில்லை. அவள் சொன்னது 'ஐ ஸா ஹிம்' என்பது, கூற்று வினை நிகழ்காலம், ஆகவே 'ஸா'. வாக்கியத்தில் இறந்தகாலக் குறிப்பு ஒன்று இருக்கிறது என்பது மட்டும் போதாது. அது கோட்டின் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். இங்கே 'நேற்று' பார்த்ததற்கு உரியது, சொன்னதற்கு அல்ல. 'செஸ்' என்பதற்குப் பிறகு 'ஹேட்' வரவே கூடாது என்றும் இல்லை. அவள் அழைத்தபோது தான் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்ததாக அவன் சொல்கிறான் என்ற வாக்கியத்தில் 'ஹேட் லெஃப்ட்' சரியாகவே வரும். அங்கே அழைப்பு என்ற இன்னொரு கடந்த நிகழ்வு உள்ளேயே இருக்கிறது, அதற்கும் முந்தையது கிளம்பியது. அப்படி ஒரு ஊன்றுகோல் உள்ளே இல்லாதபோது 'ஹேட்' நிற்க இடமில்லை.

இதுவரை கோடு உள்ளே இருந்தது. கூற்று வினையே கோடாக இருந்தால் கேள்வி வேறு: ஏற்கெனவே சொல்லி முடித்ததற்கு ஆங்கிலம் ஏன் நிகழ்காலத்தைப் பயன்படுத்துகிறது? சொல்வது எப்போதுமே நாம் எடுத்துச் சொல்வதற்கு முன்னால்தான் நடந்திருக்கும். அந்தக் கணக்குப்படி 'செட்' மட்டுமே போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

எழுத்தில் இருப்பது இதற்குத் தெளிவான விடை. அறிவிப்புப் பலகை, கடிதம், அறிக்கை, விதிப் புத்தகம் போன்றவற்றை எப்போது எழுதியிருந்தாலும் படிக்கும் ஒவ்வொரு முறையும் அவை சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அதனால் 'த நோட்டீஸ் செஸ்'. தமிழில் 'பலகையில் என்ன போட்டிருக்கிறது' என்று நாம் கேட்பதும் இதே மனநிலைதான். 'சொல்லிக்கொண்டிருக்கிறது' என்று நினைத்து 'இஸ் ஸேயிங்' என்று எழுதிவிடக் கூடாது. பலகை அந்தக் கணத்தில் வாயைத் திறந்து பேசவில்லை.

இரண்டாவது, சொன்ன கணத்தைவிடச் செய்தி முக்கியமாக இருக்கும் இடம். ஒருவர் நேற்றோ முந்தாநாளோ சொல்லியிருப்பார். அந்தச் செய்தி இப்போதும் செல்லும் என்பதால் பேச்சு ஆங்கிலத்தில் 'ஹி டெல்ஸ் மி யூ ஆர் லீவிங்' என்று சொல்வது மிக இயல்பு. 'நீ கிளம்புகிறாயாமே' என்று நாம் கேட்கிறோமே, அதன் தொனி இது. செய்தித்தாளின் தலைப்பு வரிகளில் 'செஸ்' வருவதும், அதன் கீழே செய்தி உடலில் அதே பேச்சு 'செட்' என்று மாறுவதும் இதனால்தான். தலைப்பு செய்தியைச் சூடாக வைக்கிறது, உடல் நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்கிறது. கதைச் சுருக்கம் எழுதும்போதும், ஓர் ஆசிரியரின் வாதத்தை எடுத்துரைக்கும்போதும் நிகழ்காலமே வழக்கம்.

'டெல்' என்பதைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். யாரிடம் சொன்னது என்பதையும் அது கேட்கும். 'டெல்ஸ்' என்பதற்குப் பின்னால் 'மி', 'அஸ்', ஒரு பெயர் என ஆள் ஒருவர் நிற்க வேண்டும். 'செஸ்', 'க்ளெய்ம்ஸ்' இரண்டும் அந்த இடத்தில் ஆளை ஏற்காது. கொடுக்கப்பட்ட சொற்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்வி என்றால், கோட்டுக்கு அடுத்த சொல் 'மி' என்று பார்த்த உடனேயே பாதி வேலை முடிந்துவிடும். மீதி, 'டெல்ஸ்' வருமா 'டோல்ட்' வருமா என்பதுதான்.

சரி, கூற்று வினையின் காலத்தைக் கண்டுபிடிக்கத் தடயம் எங்கே இருக்கும்? பல கேள்விகளில் கோட்டுக்கு அந்தப் பக்கம், உள்ளே இருக்கும் வினையில்.

```
A. He ______ that he has lost the key.     says / said
B. He ______ that he had lost the key.     says / said
C. He ______ that he lost the key.         says / said
```

முதலாவதில் 'ஹாஸ் லாஸ்ட்' நகராமல் நிற்கிறது, ஆகவே 'செஸ்'. இரண்டாவதில் 'ஹேட் லாஸ்ட்' என்று ஒரு படி பின்னால் போயிருக்கிறது, பின்னால் தள்ளியது 'செட்'. மூன்றாவதில் இரண்டும் பொருந்தும். 'செஸ்' போட்டால் அவன் வாயிலிருந்து வந்தது 'ஐ லாஸ்ட்'. 'செட்' போட்டாலும் அதுவே வரலாம், ஏனென்றால் சாதாரண இறந்தகாலத்தை 'ஹேட்' வடிவத்துக்குத் தள்ளுவதைப் பேச்சிலும் எழுத்திலும் பலர் விட்டுவிடுகிறார்கள். இப்படி ஒரு வரியைத் தனியாக நிறுத்தி ஒரே விடை கேட்பது வினாத்தாள் தயாரித்தவரின் கவனக்குறைவு. பக்கத்தில் காலக் குறிப்பு எதுவும் இல்லையென்றால் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் வரியிலும் ஒரு சின்ன விலக்கு இருக்கிறது. சாவி இன்னும் கிடைக்கவில்லை, அவன் சற்று முன்புதான் சொன்னான் என்றால் 'செட் தட் ஹி ஹாஸ் லாஸ்ட்' என்பதையும் ஆங்கிலம் பேசுபவர்கள் சொல்வார்கள். இன்றும் உண்மையாக இருக்கும் ஒன்றை இறந்தகாலக் கூற்று வினைக்குப் பின் நிகழ்காலத்திலேயே விட்டுவைக்கலாம். ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்னும் தாளில் இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திப் பார்க்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தாள் எதிர்பார்ப்பது பொருத்தம் நெருக்கமாக இருக்கும் இணையைத்தான்.

தனி வரிகளைவிடப் பத்தியாக வரும் கேள்விதான் உண்மையான சோதனை. ஒன்றை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்.

```
Meena's note (1)______ that the meeting (2)______ at four.
On the phone last night she (3)______ me that she (4)______ late.
Her brother (5)______ that he (6)______ the note himself,
but nobody believes him.

1 say   2 be   3 tell   4 come   5 claim   6 write
```

வரிசையாக மேலிருந்து நிரப்பத் தொடங்கினால் முதல் கோட்டிலேயே தடுமாறுவோம். குறிப்பு எழுதியாகிவிட்டது, அதனால் 'செட்' என்று தோன்றும். எழுத்தில் இருப்பதனால் 'செஸ்' என்றும் தோன்றும். அந்த வரிக்குள் முடிவு செய்ய வழியில்லை. கடைசி வரிக்குப் போங்கள். 'நோபடி பிலீவ்ஸ் ஹிம்' என்று முடிகிறது. யாரும் நம்பவில்லை என்பது இப்போதைய நிலை. பத்தியை எழுதியவர் நிகழ்காலத்தில் நின்றுகொண்டு பேசுகிறார் என்பதற்கு நமக்குக் கிடைத்த உறுதியான ஆதாரம், கோடு போடாமல் விட்டுவைத்த இந்த ஒரு வினைதான்.

அங்கிருந்து பின்னோக்கி வந்தால் எல்லாம் ஒழுங்காகிறது. அண்ணனோ தம்பியோ, அவன் சொல்வதை இப்போது யாரும் நம்பவில்லை என்றால் அவன் அதை இப்போதும் சாதித்துக்கொண்டிருக்கிறான். ஐந்தாவது 'க்ளெய்ம்ஸ்'. அவன் சொல்வது 'நான்தான் எழுதினேன்' என்பது, ஆகவே ஆறாவது 'ரோட்'. 'ஹேட் ரிட்டன்' எழுத உள்ளே ஊன்றுகோல் இல்லை. முதலாவது 'செஸ்', இரண்டாவது 'இஸ்'.

நடுவரிதான் கண்ணி. பத்தி முழுவதும் நிகழ்காலம் என்று முடிவு கட்டிவிட்டு 'டெல்ஸ்' என்று எழுதுபவர்கள் இங்கே மாட்டுவார்கள். 'லாஸ்ட் நைட்' சொன்ன நேரத்தையே குறிக்கிறது. வந்ததையோ வரப்போவதையோ அல்ல. ஆகவே மூன்றாவது 'டோல்ட்', அதன் பின்னால் 'வில் கம்' ஒரு படி நகர்ந்து நான்காவது 'வுட் கம்'. கூட்டம் இன்னும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டால் 'வில் கம்' என்பதையும் இலக்கணம் அனுமதிக்கும். விடைக்குறிப்பில் இருக்கப்போவது 'வுட்' என்று பந்தயம் கட்டலாம். நிகழ்காலப் பத்திக்குள் ஒரே ஒரு வாக்கியம் இறந்தகாலத்துக்குப் போய்த் திரும்புவதில் தவறு எதுவும் இல்லை. காரணம் வெளிப்படையாக இருந்தால் போதும். இங்கே காரணம் நேற்றிரவு.

இப்போது கடைசி வினையை மட்டும் மாற்றுவோம். 'பிலீவ்ஸ்' என்ற இடத்தில் 'பிலீவ்ட்' போடுங்கள். கோடுகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆனால் எழுதியவர் நிற்கும் இடமே நகர்ந்துவிட்டது. அவர் இப்போது நடந்து முடிந்த கதை ஒன்றைச் சொல்கிறார். ஐந்தாவது 'க்ளெய்ம்ட்' ஆகிறது, ஆறாவது 'ஹேட் ரிட்டன்' ஆகிறது, முதல் இரண்டும் 'செட்', 'வாஸ்' ஆகின்றன. நடுவரியில் விடைகள் மாறவில்லை. ஆனால் 'லாஸ்ட் நைட்' இந்தக் கதைக்குள் ஒட்டாமல் உறுத்தும். 'த நைட் பிஃபோர்' என்று இருந்தால்தான் பொருந்தும். கோடுகளுக்கு வெளியே அச்சிட்டிருக்கும் காலச் சொற்களே தடயமாக ஆவது இப்படித்தான். 'த நெக்ஸ்ட் டே', 'த நைட் பிஃபோர்' போன்றவை தென்பட்டால் எழுதியவர் பின்னால் திரும்பிப் பார்த்துப் பேசுகிறார் என்று ஊகிக்கலாம். இறந்தகாலக் கூற்று வினைக்கு அது பலமான சாட்சி. ஆனால் எதிர்த்திசையில் இந்தத் தடயம் அவ்வளவு உறுதியில்லை. காலையில் சொன்னதை அன்று மாலையே எடுத்துச் சொன்னால், 'செட்' என்பதற்குப் பிறகும் 'டுமாரோ' அப்படியே நிற்கும். காலச் சொல் மாறுவது நாள் மாறியதால். வினையின் காலம் அதை நேரடியாக மாற்றுவதில்லை.

'க்ளெய்ம்ஸ்' என்று அந்தப் பத்தியில் கொடுத்திருப்பதும் சும்மா இல்லை. 'சொல்கிறான்' என்பதற்கும் 'என்கிறான், ஆனால் அதற்கு நான் பொறுப்பில்லை' என்பதற்கும் உள்ள இடைவெளி அதில் இருக்கிறது. சந்தேகத்தை அந்தச் சொல்லே சுமந்துகொள்வதால் உள்ளே இருக்கும் வினையைச் சந்தேகத்துக்காக மாற்ற வேண்டியதில்லை. சிலர் 'நம்ப முடியாதது, அதனால் ரோட் என்று உறுதியாகச் சொல்லக் கூடாது' என்று நினைத்து 'வுட் ஹேவ் ரிட்டன்' போன்றவற்றைத் தேடிப்போகிறார்கள். அவன் உறுதியாகத்தான் சொல்கிறான். உறுதியில்லாதது எழுதியவருக்கு.

நாம் பார்த்த மூன்று கூற்று வினைகளில் இதற்கு மட்டும் உள்ள இன்னொரு அமைப்பை வாக்கியத்தை மாற்றி எழுதும் கேள்விகளில் அதிகம் கேட்பார்கள்.

```
He claims that he wrote the note.
He claims ______ the note.
```

இரண்டாவது வரியில் 'தட்' இல்லை, 'ஹி' இல்லை. நேராக 'டு' வடிவம்தான் வரும். 'டு ரைட்' என்று எழுதினால் அது ஒரு வழக்கத்தைச் சொல்வதாகிவிடும், எழுதி முடித்ததைச் சொல்லாது. எழுதியது சொல்வதற்கு முந்தையது என்று காட்ட 'டு ஹேவ் ரிட்டன்' வேண்டும். 'டு' வடிவம் நமக்குப் பழக்கமான தமிழ்க் கணக்கைத்தான் போடுகிறது. சொல்லும் கணத்தோடு ஒப்பிட்டு முன்னதா பின்னதா என்று மட்டுமே அது பார்க்கும். அதனால் 'க்ளெய்ம்ஸ்' என்பதை 'க்ளெய்ம்ட்' என்று மாற்றினாலும் 'டு ஹேவ் ரிட்டன்' மாறாது, 'எழுதியதாகச் சொல்கிறான்', 'எழுதியதாகச் சொன்னான்' இரண்டிலும் 'எழுதியதாக' மாறாமல் நிற்பதைப் போல.

கடைசியாக, நிகழ்காலத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு மதிப்பெண் நழுவும் ஒரு இடம். 'செட்' எழுவாயைப் பற்றிக் கவலைப்படாது. 'செஸ்' என்றால் 'ஸே' என்ற போட்டி உடனே வந்துவிடும். 'போலீஸ்' என்ற சொல் ஆங்கிலத்தில் பன்மை, அதனால் 'த போலீஸ் ஸே'. 'ஒன் ஆஃப் த ரிப்போர்ட்ஸ்' என்பதில் கோட்டுக்கு ஒட்டி நிற்பது பன்மைச் சொல். ஆனால் எழுவாய் 'ஒன்', ஆகவே 'செஸ்'. காலத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதியில் இந்தக் கடைசி 'எஸ்' விட்டுப்போன தாள்களைத் திருத்தும்போதுதான் எனக்குக் கை தயங்கும். விடைக்குறிப்பு தயங்காது.